திரும்பற் புள்ளி மட்டும் தெரிந்தால் போதுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 11 இல் பிள்ளைகள் படிக்கின்ற பெற்றோரும், கணிதம் கற்பிக்கின்ற நண்பர்களும் நேரம் ஒதுக்கி வாசித்தால் சந்தோசம். கையில் ஒரு பேனையும் கடதாசியும் இருந்தால் இன்னும் நல்லது.

தவணைப் பரீட்சை விடைத்தாள்களைக் கொடுத்த அடுத்த நாள் ஒரு மாணவியின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். கையில் மகளின் கணித விடைத்தாள். ஒரு வினாவைச் சுட்டிக் காட்டினார். நான்கு புள்ளிகளுக்கான வினா. நாம் போட்டிருந்தது ஒரு புள்ளி.

"சேர், இது பாஸ்ட் பேப்பர்ல வாற மாதிரிக் கேள்வி இல்லையே. புள்ளை படிச்ச மாதிரித்தான் எழுதியிருக்கு. டியூசன் சேரும் இது சரிதானே என்று சொல்றார். ஏன் சேர் புள்ளைகளைக் குழப்புறீங்க?"

கோபமாக இல்லை, கவலையோடுதான் கேட்டார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் நம்மிடம் அப்போது இருக்கவில்லை. இதே கேள்வியை இன்னும் சில பெற்றோர் மனதில் வைத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதனால்தான் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

வினா இதுதான். ஓர் இருபடிச் சார்பின் வரைபு ஒரு பரவளைவு. அதன் திரும்பற் புள்ளி (3, 8). அந்தப் பரவளைவு (1, 0) என்ற புள்ளியினூடாகச் செல்கிறது. அதன் சமன்பாட்டைக் காண்க.

மகள் எழுதிய விடை:

y = −(x − 3)² + 8

வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதையே எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை பிழை விட்டால் அது அந்தப் பிள்ளையின் பிழை. வகுப்பே ஒரே பிழையை விட்டால் கற்பிக்கின்ற நம்மிடம்தான் ஏதோ பிழை இருக்கிறது. அதையும் மறைக்காமல் கீழே சொல்கிறோம்.

முதலில், இந்த விடை ஏன் பிழை என்பதைப் பார்ப்போம். இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பரவளைவு (1, 0) இனூடாகச் செல்கிறது என்று வினாவே சொல்கிறது. அப்படியானால் x க்கு 1 ஐப் போட்டால் y க்கு 0 வர வேண்டும். போட்டுப் பாருங்கள். 1 − 3 = −2. அதன் வர்க்கம் 4. முன்னால் மறை அடையாளம் இருப்பதால் −4. அதோடு 8 ஐக் கூட்டினால் 4. வர வேண்டியது 0, வந்தது 4. அதாவது மகள் எழுதிய பரவளைவு, செல்ல வேண்டிய புள்ளிக்கு நான்கு அலகு மேலால் போய்விடுகிறது.

திரும்பற் புள்ளி சரியாக இருக்கிறது. கீழ்நோக்கித் திறந்த வடிவமும் சரி. அதற்காகத்தான் அந்த ஒரு புள்ளி. ஆனால் வினாவில் தந்த இரண்டாவது தகவலான (1, 0) ஐப் பிள்ளை தொடவே இல்லை. தந்த தகவலில் பாதியைப் பாவிக்காமல் விடை வந்துவிட்டால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

சரி, பிள்ளைகள் ஏன் இப்படி எழுதினார்கள்? சாதாரண தரப் பரீட்சைக்குப் பழகுகின்ற வரைபு வினாக்களை எடுத்துப் பாருங்கள். ஓர் இருபடிச் சார்பைத் தருவார்கள். அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தை நிரப்பி வரைபுத்தாளில் வரைய வேண்டும். பிறகு சமச்சீர் அச்சின் சமன்பாடு, திரும்பற் புள்ளியின் ஆள்கூறுகள் என்று கேட்டுவிட்டு, சார்பை வர்க்க வடிவில் எழுதச் சொல்வார்கள். அங்கே தரப்படுகின்ற சார்பில் x² இன் குணகம் வழமையாக 1 அல்லது −1 ஆகத்தான் இருக்கும். ஆகவே திரும்பற் புள்ளியைப் பார்த்து, x பக்க அடையாளத்தை மாற்றி, அப்படியே எழுதினால் விடை சரியாக வரும்.

"திரும்பற் புள்ளியைப் பார், அடையாளத்தை மாற்று, எழுது." இந்தச் சுருக்கு வழி டியூசன் வகுப்புகளில் மட்டும் சொல்லப்படுவதில்லை. நாமும் சொல்லியிருக்கிறோம். பரீட்சை நெருங்கும்போது நேரம் போதாமல் சொல்லிவிடுகிறோம். சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டோம். அந்த வினாவில் சார்பு முதலிலேயே தரப்பட்டிருப்பதால்தான் குணகம் 1 என்பது நமக்குத் தெரிகிறது. வரைபின் திரும்பற் புள்ளி அதைச் சொல்லவில்லை. சார்பு தரப்படாதபோது அந்த 1 ஐ எடுத்துக்கொள்ள நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஒரு திரும்பற் புள்ளியை வைத்துக்கொண்டு எத்தனை பரவளைவுகள் வரையலாம்? கணக்கில்லாமல் வரையலாம். (3, 8) ஐ உச்சியாகக் கொண்டு ஒடுங்கிய கொண்டை ஊசி போன்ற ஒன்றை வரையலாம். கவிழ்த்த பீங்கான் போல அகன்ற ஒன்றையும் வரையலாம். எல்லாவற்றுக்கும் உச்சி அதே (3, 8) தான். தரம் 10 இல் y = ax² இன் வரைபுகளை ஒரே தாளில் வரைந்தபோது, a பெரிதாகப் பெரிதாக வளைவு ஒடுங்குவதைப் பிள்ளைகள் கண்டார்கள். தரம் 11 இல் உச்சி நகர ஆரம்பித்ததும் அந்த a காணாமல் போய்விட்டது.

நேர்கோட்டோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு புள்ளியை மட்டும் தந்து நேர்கோட்டின் சமன்பாட்டைக் கேட்டால், "படித்திறன் தெரியாதே சேர்" என்று பிள்ளைகளே சொல்வார்கள். பரவளைவில் a செய்கின்ற வேலையும் கிட்டத்தட்ட அதுதான். வளைவு எவ்வளவு வேகமாக விழுகிறது அல்லது எழுகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது புள்ளி தரப்படுகிறது.

இப்போது சரியான வழியை முழுமையாகச் செய்வோம். உச்சி (h, k) ஆகவுள்ள இருபடிச் சார்பை இப்படி எழுதலாம்:

y = a(x − h)² + k

இங்கே தெரியாதவை மூன்று: a, h, k. திரும்பற் புள்ளி h, k ஆகிய இரண்டையும் ஒரே தடவையில் தந்துவிடுகிறது. மிஞ்சுவது a மட்டும். ஒரு தெரியாக் கணியத்துக்கு ஒரு சமன்பாடு போதும். அதை மற்றப் புள்ளி தருகிறது.

நமது வினாவில் h = 3, k = 8. ஆகவே முதலாவது வரி:

y = a(x − 3)² + 8

இந்த வரியில் a ஐ எழுதாமல் விட்டால் மீதி எல்லாமே பிழைத்துவிடும். அதனால் தெரியாவிட்டாலும் a ஐ எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். இனி x = 1, y = 0 என்று பிரதியிடுவோம்:

0 = a(1 − 3)² + 8
0 = 4a + 8
a = −2

ஆகவே சமன்பாடு:

y = −2(x − 3)² + 8

விரித்து எழுதினால் y = −2x² + 12x − 10. வினாவில் குறிப்பாகக் கேட்டால் மட்டும் விரித்தால் போதும். கேட்காத இடத்தில் விரிக்கப் போய்ப் பிழை விடுகின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மொத்தம் நான்கு வரி. புதிய பாடம் எதுவும் இல்லை. படித்திறனும் ஒரு புள்ளியும் தந்து நேர்கோட்டின் வெட்டுத்துண்டைக் காணும்போது செய்கின்ற அதே பிரதியிடல்தான் இங்கேயும்.

a என்பது உண்மையில் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. உச்சியில் நின்று மற்றப் புள்ளியைப் பாருங்கள். கிடையாக 2 அலகு தள்ளி, நிலைக்குத்தாக 8 அலகு கீழே இருக்கிறது. அந்த நிலைக்குத்து மாற்றத்தைக் கிடைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் a வரும். −8 ஐ 4 ஆல் வகுக்க −2. அதாவது உச்சியிலிருந்து ஓர் அலகு தள்ளினால் 2 இறங்கும், இரண்டு அலகு தள்ளினால் 8, மூன்று அலகு தள்ளினால் 18. இந்த எண்ணங்களை வைத்தே அட்டவணை இல்லாமல் வரைபை வரைந்துவிடலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு பிழைகள் வரும். ஒன்று, வர்க்கிக்க மறந்து 8 ஐ 2 ஆல் வகுத்து −4 என்று எழுதுவது. மற்றது, கழிக்கும் ஒழுங்கை மாற்றி a = 2 என்று நேர் அடையாளத்தில் எழுதுவது. இரண்டாவதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். மற்றப் புள்ளி உச்சிக்குக் கீழே இருந்தால் வளைவு கீழ்நோக்கிப் போகிறது, a மறையாகத்தான் இருக்க வேண்டும். மேலே இருந்தால் நேர். கணக்கைத் தொடங்க முன்பே இந்த அடையாளத்தைப் பிள்ளை சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பிழை இருக்கிறது. அதைப் பிடிப்பது கஷ்டம். சில பிள்ளைகள் (x − 3) க்குப் பதிலாக (x + 3) என்று எழுதி, மீதி எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள். அவர்களுக்கு 16a + 8 = 0 என்று வந்து, a = −1/2 கிடைத்தது. பிறகு கெட்டித்தனமாக (1, 0) ஐப் பிரதியிட்டுச் சரிபார்த்தார்கள். 0 வந்தது! சரி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். வராமல் என்ன செய்யும்? அந்தப் புள்ளியை வைத்துத்தானே a ஐயே கண்டுபிடித்தார்கள். அவர்களது வளைவு (1, 0) இனூடாகச் செல்கிறது, ஆனால் அதன் உச்சி (−3, 8) இல் இருக்கிறது.

இந்தப் பிழையைப் பிடிக்கக் கண்ணாடிப் புள்ளி உதவும். சமச்சீர் அச்சு x = 3. (1, 0) அதற்கு இடப்பக்கம் 2 அலகு தள்ளி இருப்பதால், வலப்பக்கம் 2 அலகு தள்ளி (5, 0) உம் வளைவில் இருக்க வேண்டும். சரியான சமன்பாட்டில் x = 5 ஐப் போட்டால் −2 × 4 + 8 = 0. பிழையான சமன்பாட்டில் போட்டால் −24 வருகிறது. ஆகவே இரண்டு சோதனைகளும் தேவை. தந்த புள்ளியைப் பிரதியிடுவது, a ஐ மறந்ததையும் கூட்டல் கழித்தல் பிழையையும் காட்டும். கண்ணாடிப் புள்ளியைப் பிரதியிடுவது, உச்சியின் அடையாளத்தைப் பிழையாக எடுத்ததைக் காட்டும். இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகாது.

இவ்வளவையும் கரும்பலகையில் சொன்னோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் முகங்களைப் பார்த்தால், "ஒன்று போட்டால் என்ன குறைந்து போகும்?" என்ற எண்ணம் போனதாகத் தெரியவில்லை. அடுத்த நாள் அவர்களைப் பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியடிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

தாங்கியிலிருந்து வருகின்ற ஒரு பைப் சுவரில் கிடையாகப் பொருத்தப்பட்டு, முனையில் ஒரு வால்வோடு இருக்கிறது. திறந்தால் தண்ணீர் கிடையாகப் பாய்ந்து வளைந்து நிலத்தில் விழும். கிடையாக எறியப்பட்ட பொருளின் பாதை ஒரு பரவளைவு என்பதைக் கலிலியோ 1638 இல் வெளியான தனது நூலில் காட்டினார். தண்ணீர்த் துளிகளுக்கும் அதே கதைதான். தண்ணீர் கிடையாக வெளியேறுவதால், பைப்பின் வாய்தான் அந்தப் பரவளைவின் உச்சி.

வால்வை முழுமையாகத் திறந்தோம். தண்ணீர் தூரத்தில் விழுந்தது. கொஞ்சம் மூடினோம். கிட்ட விழுந்தது. இன்னும் கொஞ்சம் மூடினோம். இன்னும் கிட்ட. பைப்பின் வாய் அசையவே இல்லை, ஆனால் வளைவு ஒவ்வொரு தடவையும் வேறு. நாம் எதுவும் சொல்ல முன்பே ஒரு பிள்ளை சொன்னது: "சேர், உச்சி ஒன்றுதான், a மாறுது." இரண்டு பாடவேளை கரும்பலகையில் சொல்லியும் போகாத விஷயம், வால்வை இரண்டு தரம் திருப்பியதில் போய்ச் சேர்ந்தது.

பிறகு வால்வை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அளந்தோம். பைப்பின் வாய் நிலத்திலிருந்து 180 சென்ரிமீற்றர் உயரம். வாய்க்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 120 சென்ரிமீற்றர் தள்ளித் தண்ணீர் விழுந்தது. நேர் கீழே உள்ள அந்த இடத்தை உற்பத்திப் புள்ளியாக எடுத்தால் உச்சி (0, 180), மற்றப் புள்ளி (120, 0). பிள்ளைகளே செய்தார்கள்:

y = ax² + 180
0 = 14400a + 180
a = −1/80

ஆகவே y = −x²/80 + 180.

இது உண்மையா என்று பார்க்க வேண்டும். அதற்கு நாம் பாவிக்காத மூன்றாவது புள்ளி ஒன்று வேண்டும். பாதித் தூரமான 60 சென்ரிமீற்றரில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? 60 இன் வர்க்கம் 3600. அதை 80 ஆல் வகுக்க 45. 180 இலிருந்து 45 ஐக் கழித்தால் 135. ஒரு பிள்ளை 60 சென்ரிமீற்றர் தூரத்தில் மீற்றர்க் கோலை நிலைக்குத்தாகப் பிடித்தது. தண்ணீர் தாரையின் நடுப்பகுதி 134 க்கும் 136 க்கும் இடையில் ஆடிக்கொண்டு இருந்தது. தாரைக்கே ஒரு விரல் தடிப்பு இருக்கும்போது இதைவிடத் திருத்தமாக எதிர்பார்க்க முடியாது. கைதட்டல் தானாக வந்தது.

இப்போது சுருக்கு வழியைப் பாவித்தால் என்ன வரும்? y = −x² + 180. தண்ணீர் நிலத்தைத் தொடும் இடத்தில் y = 0, அதாவது x² = 180, x கிட்டத்தட்ட 13.4. 120 சென்ரிமீற்றர் தள்ளி விழுகின்ற தண்ணீர், சமன்பாட்டின்படி சுவரோரம் ஒரு சாண் தூரத்துக்குள் விழ வேண்டும்! நனைந்த செருப்போடு நின்ற பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் செய்து பார்த்தோம். அதே அளவுகளை மீற்றரில் எடுத்தால் உச்சி (0, 1.8), மற்றப் புள்ளி (1.2, 0). a = −1.8 ÷ 1.44 = −1.25. தண்ணீர் அதே தண்ணீர், வளைவு அதே வளைவு. அலகை மாற்றியதும் a மாறிவிட்டது. ஆகவே a = 1 என்பது இயற்கையில் எங்கேயும் எழுதி வைத்த விதி அல்ல. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கப் போகின்ற பிள்ளை இந்த 1.25 ஐ வைத்தே தண்ணீர் பைப்பை விட்டு வெளியேறிய கதியைக் காணும். அது செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர். a ஐ 1 என்று எடுத்துப் பழகிய பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளிகளை அளந்து இந்தக் கணக்கைச் செய்தால் எப்போதும் ஒரு சமன்பாடு கிடைத்துவிடும். அளந்த வளைவு பரவளைவாக இல்லாவிட்டாலும் கிடைக்கும். உதாரணமாக ஒரு வீட்டு வாசல் வளைவை எடுங்கள். மேசன் ஒருவர் ஆணி அடித்து, நூல் கட்டிச் சுற்றி வரைந்தால் அது வட்டத்தின் பாதி. அகலம் 4 மீற்றர், வளைவின் உயரம் 2 மீற்றர் என்று வைப்போம். நடுவை உற்பத்தியாக எடுத்தால் உச்சி (0, 2), கால் (2, 0). நமது முறைப்படி a = −1/2, சமன்பாடு y = −x²/2 + 2. நடுவிலிருந்து 1 மீற்றர் தள்ளினால் இந்தச் சமன்பாடு சொல்கின்ற உயரம் 1.5 மீற்றர். ஆனால் உண்மையான அரைவட்டத்தில் அங்கே உயரம் கிட்டத்தட்ட 1.73 மீற்றர். 23 சென்ரிமீற்றர் வித்தியாசம். இந்தச் சமன்பாட்டை நம்பிக் கம்பி வளைத்தால் கேற் பொருந்தாது.

பரீட்சைத் தாளில் "பரவளைவு" என்று வினாவே சொல்லிவிடும், அதனால் அங்கே பிரச்சினை இல்லை. வெளியே ஒரு வளைவைக் கண்டு சமன்பாடு எழுதும்போது, மூன்றாவது புள்ளியை அளக்காமல் அதைப் பரவளைவு என்று சொல்லக்கூடாது.

வினாத் தயாரிக்கின்ற ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "இருபடிச் சார்பு" அல்லது "சமச்சீர் அச்சு y அச்சுக்குச் சமாந்தரம்" என்று வினாவில் கட்டாயம் எழுதுங்கள். வெறுமனே பரவளைவு, உச்சி (3, 8), செல்லும் புள்ளி (1, 0) என்று விட்டால், பக்கவாட்டில் திறந்த இன்னொரு பரவளைவும் அதே நிபந்தனைகளுக்குப் பொருந்தும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அதை எழுதினால் புள்ளி போடாமல் விட முடியாது. அதேபோல மற்றப் புள்ளியை உச்சிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ, அல்லது அதே மட்டத்திலோ கொடுத்துவிடாதீர்கள். முதலாவதில் பூச்சியத்தால் வகுக்க வேண்டி வரும். இரண்டாவதில் a = 0 ஆகிப் பரவளைவு கிடைக் கோடாகிவிடும்.

இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு வருவோம். பாஸ்ட் பேப்பரில் வழக்கமாக வராத வடிவத்தில் ஏன் கேட்டீர்கள்?

அவரது பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தி அடையாவிட்டால் பிள்ளையின் பாதையே அடைபடுகிறது. சித்தி மட்டத்தில் தடுமாறுகின்ற பிள்ளை முதலில் அட்டவணையை நிரப்பி, அளவிடை எடுத்து, ஒப்பமாக வரைபு வரையப் பழக வேண்டும். அங்கேதான் நிச்சயமான புள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே இந்த வினாவைக் கொண்டு போகத் தேவையில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறோம்.

ஆனால் சுருக்கு வழியை மட்டும் தெரிந்த பிள்ளை வரைபைப் புரிந்துகொண்ட பிள்ளை அல்ல. வினாவில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் அது விழுந்துவிடும், விழுந்தது தெரியவும் மாட்டாது. விடை அழகாக இருக்கும், திரும்பற் புள்ளி சரியாக இருக்கும், பிழை மட்டும் கண்ணுக்குத் தெரியாது. உயர்தரத்தில் இணைந்த கணிதமோ தொழினுட்பமோ எடுக்கின்ற பிள்ளைகள் முதல் தவணையிலேயே இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறோம். அங்கே குணகம் 1 ஆக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

அதனால் எமது நிலைப்பாடு இதுதான். தரம் 11 இல் திரும்பற் புள்ளியிலிருந்து சமன்பாடு எழுதக் கற்பிக்கும்போது, a உள்ள வடிவத்தையே முதலில் கற்பிக்க வேண்டும். குணகம் 1 ஆக உள்ள வினாவிலும் a ஐ எழுதி, ஒரு புள்ளியைப் பிரதியிட்டு, a = 1 என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். கூடுதலாக இரண்டு வரிதான். தவணைப் பரீட்சையில் குணகம் 1 அல்லாத வினா ஒன்றாவது இருக்க வேண்டும். டியூசன் எடுக்கின்ற நண்பர்களிடமும் இதையே கேட்கிறோம். சுருக்கு வழியைச் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. அது எப்போது மட்டும் சரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோருக்குக் கணிதம் தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளை இப்படி ஒரு கணக்கைச் செய்து முடித்ததும் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "தந்த மற்றப் புள்ளியைப் போட்டுப் பார்த்தாயா?" அது போதும்.

அந்த மகளின் புள்ளியை நாம் கூட்டவில்லை. வகுப்பில் நாம் a ஐப் பற்றிச் சொல்லாமல் விட்டதை மட்டும் வாப்பாவிடம் ஒப்புக்கொண்டோம். அதே மாதிரி வினா ஒன்றை, உச்சி (−2, −5), செல்லும் புள்ளி (2, 3) என்று மாற்றி, வகுப்பு முழுவதற்கும் மீண்டும் கொடுத்தோம். மகள் அதைச் சரியாகச் செய்தார். கண்ணாடிப் புள்ளியையும் கேட்காமலே பிரதியிட்டுச் சரிபார்த்திருந்தார்.

நீங்களும் செய்து பாருங்கள். விடையைக் கீழே பதிவிடுங்கள். a க்கு 1 என்று எழுதியிருந்தால், பதிவிட முன்பு x க்கு 2 ஐப் போட்டு, y க்கு 3 வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.